வாட்டமான பக்கத்தை விட்டு ஏன் அடித்தான்?

டிவியில் பெனால்டி கிக் வீணாகும்போதெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "அவனுக்குத்தான் அந்தப் பக்கம் நல்லா வருமே, எதுக்கு இந்தப் பக்கம் அடிச்சான்?" கேள்வி நியாயமானது. நன்றாக வரும் பக்கம் என்று ஒன்று இருக்கும்போது அதை விட்டுவிட்டு வேறு பக்கம் அடிப்பது முட்டாள்தனமாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் அவனுக்கு நன்றாக வரும் என்பது கூடத்தில் இருப்பவருக்கே தெரிந்திருக்கிறது என்றால், கோல்கீப்பருக்குத் தெரியாமலா இருக்கும்?

பெனால்டியில் பந்து வைக்கப்படும் இடத்திலிருந்து கோல் கோடு 11 மீட்டர் தூரம். கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர். நன்றாக உதைத்த பந்து அந்தத் தூரத்தைக் கடக்கச் சுமார் 0.3 வினாடிதான் ஆகும். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பாயலாம் என்று கோல்கீப்பர் நின்றால், அவர் கை நீளுவதற்குள் வலை ஆடிக்கொண்டிருக்கும். அதனால் உதைக்கிற கணத்திலேயே அவரும் ஒரு பக்கத்தைத் தீர்மானித்தாக வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில், மற்றவர் என்ன செய்யப் போகிறார் என்று தெரியாமல், ஆளுக்கொரு முடிவு எடுக்கிறார்கள்.

வலது காலால் உதைப்பவருக்குக் காலை வீசும் போக்கிலேயே பந்து அவருடைய இடப்பக்கம் போவது எளிது. இடது காலால் உதைப்பவருக்கு வலப்பக்கம். இதை வாட்டமான பக்கம் என்றும், எதிரே உள்ளதை மறுபக்கம் என்றும் வைத்துக்கொள்வோம்.

பொருளியலாளர் இக்னாசியோ பலாசியோஸ் உவெர்த்தா ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்காரர். 1995 முதல் 2000 வரை, பெரும்பாலும் ஸ்பெயின், இத்தாலி, இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் அடிக்கப்பட்ட 1417 பெனால்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துவைத்தார். 2003இல் வெளியான அந்த ஆய்வின் எண்களை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். வாட்டமான பக்கம் அடித்து, கோல்கீப்பரும் அதே பக்கம் பாய்ந்தால் 100க்கு 70 கோல். அவர் ஏமாந்து வேறு பக்கம் பாய்ந்தால் 93. மறுபக்கம் அடித்து, கோல்கீப்பர் சரியாகக் கணித்துவிட்டால் 58தான். அவர் ஏமாந்தால் 95.

இந்த நான்கு எண்களை வைத்துக்கொண்டு உதைப்பவருக்கு யோசனை சொல்லிப் பாருங்கள். எப்போதும் வாட்டமான பக்கம் அடி என்றால், கோல்கீப்பர் இரண்டு ஆட்டங்களில் புரிந்துகொண்டு எப்போதும் அங்கேயே பாய்வார். 70 கோல்தான் கிடைக்கும். சரி, அவர் அங்கேயே பாய்கிறார் என்று தெரிந்ததும் மறுபக்கத்துக்கு மாறினால் 95. ஆனால் அது எத்தனை நாளைக்கு? அவரும் மாறுவார், கோல் 58க்கு விழும். மறுபடி வாட்டமான பக்கம், மறுபடி அவர் மாற்றம். நாய் தன் வாலைத் துரத்துகிற கதை. 'இதையே செய்' என்று எந்த ஒரு பக்கத்தைச் சொன்னாலும் அந்த யோசனை வெளியே தெரிந்த கணமே கெட்டுப்போகிறது.

புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி "ஒத்தையா ரெட்டையா" கேட்டு விளையாடியவர்களுக்கு இது புதிதல்ல. எப்போதும் ஒத்தையே வைக்கிற பிள்ளை கொட்டை அத்தனையும் தோற்றுவிட்டு அழும். அங்கே பாதிக்குப் பாதி மாற்றி வைத்தால் போதும், எதிராளியால் ஒன்றும் செய்ய முடியாது. பெனால்டியில் இரண்டு பக்கமும் சமமில்லை என்பதால் பாதிக்குப் பாதி சரிவராது. இரண்டையும் பாதியாக அடித்தால், கோல்கீப்பர் மறுபக்கமாகவே பாய்ந்துகொண்டிருப்பார். 58க்கும் 93க்கும் சராசரி 75.5. எப்போதும் வாட்டமான பக்கம் அடித்ததைவிட மேல்தான், ஆனாலும் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

சரியான விகிதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் விஷயம் கொஞ்சம் தலைகீழாகப் போகிறது. எனக்கு எது லாபம் என்று பார்க்கக் கூடாது. எந்த விகிதத்தில் அடித்தால் கோல்கீப்பருக்கு இந்தப் பக்கம் பாய்வதும் அந்தப் பக்கம் பாய்வதும் ஒன்றே ஆகிவிடும் என்று பார்க்க வேண்டும். 60 உதைகள் என்று வையுங்கள். அதில் 37ஐ வாட்டமான பக்கமும் 23ஐ மறுபக்கமும் அடிக்கிறோம். கோல்கீப்பர் எப்போதும் வாட்டமான பக்கம் பாய்ந்தால், 37 உதைக்கு 70 சதவீதமும் 23 உதைக்கு 95 சதவீதமும் சேர்ந்து 47.75 கோல். எப்போதும் மறுபக்கம் பாய்ந்தால், 37க்கு 93 சதவீதம், 23க்கு 58 சதவீதம், அதுவும் 47.75. தாளில் போட்டுப் பாருங்கள், புள்ளி பிசகாது. இனி அவர் எந்தப் பக்கம் பாய்ந்தாலும், மாற்றி மாற்றிப் பாய்ந்தாலும், சாமி கும்பிட்டுவிட்டுப் பாய்ந்தாலும் 100க்கு ஏறத்தாழ 79.6 கோல். இந்த விகிதத்தை அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாலும் உதைப்பவருக்கு நஷ்டமில்லை. அடுத்த உதை எது என்று மட்டும் தெரியக்கூடாது.

கோல்கீப்பர் தன் பங்குக்கு இதே கணக்கைப் போட்டால் 60இல் 35 முறை வாட்டமான பக்கமும் 25 முறை மறுபக்கமும் பாய வேண்டும். இப்படி இருவரும் தத்தம் விகிதத்தில் நிற்கும்போது யாருக்கும் தன்னிச்சையாக விலகி லாபமில்லை. இதைக் கலப்பு உத்தி என்கிறார்கள். ஒருவர் வெல்வது மற்றவர் இழப்பதற்குச் சமமான இருவர் ஆட்டம் எதுவானாலும், தேர்வுகள் எண்ணிக்கைக்குள் அடங்குமானால், இப்படி ஒரு நிலை இருந்தே தீரும் என்று ஜான் வான் நாய்மன் 1928இல் நிரூபித்தார்.

கணக்கு சரி, கால்பந்து வீரர்கள் கணக்கா போடுகிறார்கள்? போடுவதில்லை. ஆனால் முழு எண்ணாக்காத தரவுப்படி உதைப்பவர்கள் வாட்டமான பக்கம் அடிக்க வேண்டியது 61.5 சதவீதம், உண்மையில் அடித்தது 60. கோல்கீப்பர்கள் அந்தப் பக்கம் பாய வேண்டியது 58, பாய்ந்தது 57.7. பொருளியலில் இவ்வளவு ஒட்டி வருகிற கணிப்பு அபூர்வம். சின்ன வயதிலிருந்து ஆயிரக்கணக்கில் உதைத்தும், தடுத்தும், ஏமாந்தும் விகிதம் காலுக்குள் ஏறிவிடுகிறது போலும்.

இந்தக் கணக்கிலிருந்து கிளம்பும் ஒரு விளைவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு வீரர் வாட்டமான பக்கத்தையே மாதக்கணக்கில் பயிற்சி செய்து, கோல்கீப்பர் ஏமாந்தால் 93க்குப் பதில் 100க்கு 100 கோல் என்று ஆக்கிவிட்டார். இனி அந்தப் பக்கம் அதிகமாக அடிக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? கணக்கு எதிர்மாறாகச் சொல்கிறது. மறுபக்க உதை 38 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாகக் கூட வேண்டும். வாட்டமான பக்கத்தைத் திறந்துவிட்டால் கட்டாயம் கோல் என்ற பயம் கோல்கீப்பருக்கு வந்துவிட்டதால் அவர் அங்கேயே அதிகம் பாய்கிறார். கூர் தீட்டிய கத்தி உறைக்குள் இருந்துகொண்டே வேலை செய்கிறது. மொத்தக் கோலும் 79.6இலிருந்து 81.2ஆக உயர்கிறது. அந்த லாபம் வீரர் எந்தப் பக்கம் அடித்தாலும் சமமாகவே வரும்.

ஒரு வீரர் சரியாகக் கலக்கிறாரா என்று பார்க்க இது நல்ல சோதனையும்கூட. அவருடைய பழைய உதைகளைப் பக்கவாரியாகப் பிரியுங்கள். இரண்டு பக்கமும் கோல் விகிதம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 90, ஒரு பக்கம் 70 என்று நின்றால், அவர் 70 வரும் பக்கம் தேவைக்கு மேல் போகிறார் என்று பொருள். ஆனால் பத்துப் பதினைந்து உதைகளை வைத்து இப்படித் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அந்த அளவில் வித்தியாசம் தற்செயலாகவே வரும்.

விகிதத்தைவிடக் கஷ்டமானது வரிசை. இடம், வலம், இடம், வலம் என்று ஒழுங்காக மாற்றி அடித்தாலும் பாதிக்குப் பாதி வந்துவிடும். ஆனால் கோல்கீப்பருக்கு அது அல்வா. காசு சுண்டாமல், சுண்டியது போல மனதாலேயே 20 முறை பூவா தலையா எழுதச் சொன்னால் பெரும்பாலோர் ஒரே பக்கம் தொடர்ந்து நான்கு முறை வருவதைத் தவிர்ப்பார்கள். நிஜமாகச் சுண்டினால் 20இல் அப்படி ஒரு தொடர் வர 77 சதவீத வாய்ப்பு. 'மூணு தடவை இடம் போயாச்சு, இப்ப வலம்' என்கிற நம் மனதைத்தான் எதிராளி படிக்கிறான். அதிகம் பெனால்டி கண்ட 42 வீரர்களைத் தனித்தனியே பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோரிடம் முந்தைய உதைக்கும் அடுத்த உதைக்கும் தொடர்பே தெரியவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் என்னை அசரவைத்தது.

இரண்டு பக்கம் என்று சுருக்கியதில் நடுப்பகுதி விட்டுப்போனது உண்மை. பிரான்ஸ், இத்தாலி லீக்குகளின் 459 பெனால்டிகளைப் பார்த்த வேறொரு ஆய்வில் நடுவில் அடித்தவை 79. கோல்கீப்பர் நடுவிலேயே நின்றது 11 முறைதான். 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா, செப் மையர் பாய்ந்த பிறகு பந்தை நடுவில் மெல்லத் தூக்கிவிட்டுக் கோப்பையை வென்றது இந்தக் காலி இடத்தில்தான். எல்லோரும் பனென்கா ஆனால் கோல்கீப்பர் பேசாமல் நின்றாலே போதும்.

எதிராளி விகிதம் தவறினால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் பயன்படுத்துகிறவர் தானும் தவறிவிடுகிறார். 2008 மே 21, மாஸ்கோ, சாம்பியன்ஸ் லீக் இறுதி. மான்செஸ்டர் யுனைடெட்டும் செல்சியும் 1-1 என்று நின்று பெனால்டிக்குப் போனது. மான்செஸ்டர் கோல்கீப்பர் எட்வின் வான் டெர் சார் உதைப்பவரின் வாட்டமான பக்கம் அளவுக்கு மீறிப் பாய்கிறார், மறுபக்கம் அடியுங்கள் என்று செல்சிக்கு முன்பே குறிப்பு போயிருந்தது. கொடுத்தவர் வேறு யாருமல்ல, அதே பலாசியோஸ் உவெர்த்தா.

வலது காலால் உதைப்பவருக்கு மறுபக்கம் என்பது கோல்கீப்பரின் இடப்பக்கம். செல்சியின் முதல் ஆறு உதைகளும் அங்கேயே போயின. இடது கால்காரரான ஆஷ்லி கோல் குறிப்பை மீறித் தன் வாட்டமான பக்கம் அடித்தார். அதுவும் கோல்கீப்பரின் இடப்பக்கமாகவே அமைந்தது. ஆறில் ஐந்து கோல். மழை ஈரத்தில் ஜான் டெர்ரி சறுக்கி, பந்து கம்பத்தில் பட்டது ஒன்றுதான் தவறியது. அப்போதும் வான் டெர் சார் எதிர்ப்பக்கம்தான் பாய்ந்திருந்தார்.

ஏழாவதாக வந்தவர் நிக்கோலா அனெல்கா. வான் டெர் சார் இடது கையை நீட்டித் தன் இடப்பக்கத்தைக் காட்டினார்: எல்லோரும் இங்கேதானே அடிக்கிறீர்கள்? முந்தைய ஆறும் இரண்டு பக்கமும் கலந்து போயிருந்தால் அந்தக் கை வெறும் கைதான், அதில் எந்தச் செய்தியும் இருந்திருக்காது. அனெல்கா பக்கத்தை மாற்றினார். தன் வாட்டமான பக்கம், கைக்கு எட்டும் உயரத்தில் அடித்தார். வான் டெர் சார் தன் பழைய வழக்கப்படி அந்தப் பக்கமே பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டார்.