சார்ட்டில் மூன்று கோடு, கணக்கு ஒன்றுதான்

பங்கு வாங்கி விற்கிற பலருடைய திரையில் விலைச் சார்ட்டுக்குக் கீழே ஆர்எஸ்ஐ, ஸ்டோகாஸ்டிக், வில்லியம்ஸ் பெர்சன்ட் ஆர் என்று மூன்று இண்டிகேட்டர்கள் ஓடும். மூன்றும் ஒரே நாளில் ‘ஓவர்பாட்’ என்று காட்டினால், மூன்று பேர் சாட்சி சொன்ன தைரியத்தில் கையிலிருக்கும் பங்கை விற்றுவிடுவார்கள். உண்மையில் அங்கே சாட்சி ஒன்றுதான்.

ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். கடந்த 14 நாளில் அதன் உச்சம் 520 ரூபாய், அடிமட்டம் 480, இன்றைய முடிவு விலை 512. அடிமட்டத்திலிருந்து விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஸ்டோகாஸ்டிக் பார்க்கிறது: 40 ரூபாய் வீச்சில் 32 ரூபாய், அதாவது 80. வில்லியம்ஸ் உச்சத்திலிருந்து கீழே அளக்கிறது: 40-இல் 8 ரூபாய் குறைவு, அதை −20 என்று எழுதுகிறது. 80-இலிருந்து 100-ஐக் கழித்தால் அதே −20. சராசரியால் மென்மையாக்காத ஸ்டோகாஸ்டிக்கும் இதுவும் எந்த நாளிலும் இப்படித்தான் பொருந்தும். வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட ஆர்எஸ்ஐயின் சூத்திரம் வேறு. ஏறிய நாள்களின் சராசரி ஏற்றத்தை இறங்கிய நாள்களின் சராசரி இறக்கத்தோடு ஒப்பிடுகிறது. ஆனாலும் அது கேட்பதும் விலையின் வேகத்தைத்தான்.

இதில் பணம் போவது வலுவான ஏற்றத்தின்போது. அப்போது ஆர்எஸ்ஐ வாரக்கணக்கில் 70-க்கு மேலேயே நிற்கலாம்; மற்ற இரண்டும் கூடவே உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தவறினால் மூன்றும் சேர்ந்தே தவறும்.

எனவே வேகத்துக்கு ஆர்எஸ்ஐ ஒன்று போதும் என்பேன். விலை போகும் திசைக்கு 50 நாள் சராசரிக் கோடு: அது ஏறுமுகமாக இருந்தால், ஆர்எஸ்ஐ 70-ஐத் தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் விற்க வேண்டியதில்லை. விலையின் அன்றாட ஆட்டத்துக்கு ஏடிஆர்: அது 10 ரூபாய் என்றால், 5 ரூபாய் தள்ளி வைத்த ஸ்டாப்லாஸ் சாதாரண அசைவிலேயே அடிபட்டுவிடும். நான்காவது வால்யூம். மற்ற மூன்றும் விலையைப் பிழிந்து எடுத்தவை. எத்தனை பங்கு கைமாறியது என்பது மட்டும்தான் வெளியிலிருந்து வரும் புதுத் தகவல். ஒன்றைத்தான் சேர்க்க முடியும் என்றால் இதைத்தான் முதலில் சேர்ப்பேன்.

எம்ஏசிடி எந்தக் குடும்பம் என்று குழப்பம் வரும். 12, 26 நாள் சராசரிகளின் வித்தியாசம் அது. பாதி திசை, பாதி வேகம். சந்தேகம் வந்தால் இரண்டு இண்டிகேட்டர்களின் ஒரு வருட மதிப்புகளை எக்செலில் பக்கத்துப் பக்கமாக ஒட்டி, இதைத் தட்டிப் பாருங்கள்:

```
=CORREL(B2:B251,C2:C251)
```

விடை 1-ஐயோ −1-ஐயோ நெருங்கினால் இரண்டில் ஒன்றைத் தாராளமாக எடுத்துவிடலாம். மேலே பார்த்த ஸ்டோகாஸ்டிக்கையும் வில்லியம்ஸையும் ஒட்டினால் சரியாக 1 வரும்.