கெட்டுப்போய் வந்த கோழிக்கறி: புகார்க் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

இணையக் கடையில் வாங்கிய கோழிக்கறி குளிர்ச்சி போய், நாற்றத்துடன் வந்து சேர்ந்தால், புகார் எழுதுபவர் பெரும்பாலும் நாற்றத்தைப் பற்றியே எழுதுகிறார். நாற்றத்தைப் படம் பிடிக்க முடியாது. "பாக்கெட்டைப் பிரித்ததும் அப்படித்தான் இருக்கும்" என்று கடைக்காரர் சொல்லிவிடலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. காற்றை உறிஞ்சி அடைத்த கறியைப் பிரித்ததும் ஒரு வாடை எழும். சில நிமிடம் திறந்து வைத்தால் போய்விடும். கெட்ட கறியின் நாற்றம் போகாது, தொட்டால் பிசுபிசுக்கும். பத்து நிமிடம் கழித்தும் நாற்றம் இருந்ததா என்பதைக் கடிதத்தில் எழுதுவது அதனால்தான் அவசியம்.

அதைவிட வலுவான சாட்சி வெப்பநிலை. குளிரூட்டிய கோழிக்கறி வீட்டு வாசல்வரை சுமார் 4 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். நாற்றத்தைக் கிளப்பும் கிருமிகள் வேறு, நோய் தரும் சால்மொனெல்லா போன்றவை வேறு. ஆகவே நாற்றமே இல்லாமல் வெதுவெதுப்பாக வந்த கறியும் ஆபத்தானதுதான். நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்ற பதிலை ஏற்கக் கூடாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி விட்டுச்செல்லும் நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

சென்னையில் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொண்டால், கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

"காலை 10 மணிக்கு வர வேண்டிய ஒரு கிலோ கோழிக்கறி பகல் 12.40க்கு வந்தது. 12.45க்குப் பையைத் திறந்தேன். ஐஸ் பேக் முழுக்க உருகியிருந்தது. சமையல் வெப்பமானி 19 டிகிரி காட்டியது. கால் மணி நேரம் கழித்தும் புளித்த நாற்றம் போகவில்லை. பாக்கெட், பேட்ச் எண், கெடு தேதி, ஐஸ் பேக் ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். கறியை இரட்டைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அதே பேட்ச் வேறு யாருக்கெல்லாம் போனது என்றும் பார்க்க வேண்டும்."

வெப்பமானி இல்லாதவர்கள் ஐஸ் பேக் உருகியிருந்ததை எழுதினாலே போதும். கறியை உடனே குப்பையில் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. கடைக்காரர் எடுத்துப் பார்க்கக் கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. ஃப்ரீசரில் வைத்தால் அது மேலும் கெடாது. கழுவிப் பார்க்கவும் வேண்டாம். கிருமிகள் தெறித்துத் தொட்டியிலும் பாத்திரங்களிலும் பரவும்.

கடிதத்தைக் கடையின் குறைதீர் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் கடை தன் தளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் அங்கே கட்டணம் கிடையாது. பணம் திரும்பி வந்தாலும், உறையிலுள்ள 14 இலக்க உரிம எண்ணைக் குறிப்பிட்டு உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தனியே ஒரு புகார் அனுப்பலாம். கிடங்கைச் சோதிக்கும் அதிகாரம் அந்தத் துறைக்கு உண்டு.