796 ஜூல் எங்கே போனது?

பிளஸ் ஒன் இயற்பியல் நோட்டுகளைத் திருத்தும்போது, ஒரு கணக்குக்கு மட்டும் வருஷா வருஷம் ஒரே தவறான விடை வரும்: விநாடிக்கு 28.3 மீட்டர். கணக்கு இதுதான். 1.99 கிலோ எடையுள்ள மரக்கட்டை கயிற்றில் தொங்குகிறது. 10 கிராம் தோட்டா ஒன்று கிடைமட்டமாகப் பாய்ந்து வந்து அதில் புதைகிறது. இரண்டும் சேர்ந்து ஊசல்போல் ஆடி 20 செ.மீ. உயரத்துக்கு எழும்புகின்றன. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், தோட்டா வந்த வேகம் என்ன?

28.3 எழுதுகிற பிள்ளைகள் பாடம் படிக்காதவர்கள் இல்லை. ஆற்றல் அழியாது என்பதை நன்றாகப் படித்தவர்கள். 2 கிலோ எடை 20 செ.மீ. ஏறினால் அதற்கு 4 ஜூல் ஆற்றல் வேண்டும். அந்த 4 ஜூலும் தோட்டாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆகவே தோட்டாவின் இயக்க ஆற்றல் 4 ஜூல் என்று போட்டுவிடுகிறார்கள். படிகளில் கூட்டல் பெருக்கல் பிழை எதுவும் இருக்காது. ஆனால் விநாடிக்கு 28.3 மீட்டர் என்றால் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் கார் போகிற வேகத்தில் துப்பாக்கித் தோட்டா வருமா?

இந்தக் கருவி பாடநூலுக்காகக் கற்பனையாகச் செய்தது அல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் வெளியிட்ட பீரங்கியியல் நூலில் இதை விவரித்தார். கண்ணுக்குப் பிடிபடாத குண்டின் வேகத்தை, கண்ணால் பார்க்கக்கூடிய மெதுவான ஆட்டமாக மாற்றி அளப்பதுதான் அவர் யோசனை. ஊசலின் அடியில் ஒரு ரிப்பனைக் கட்டினார். ஊசல் பின்னால் போகும்போது எவ்வளவு ரிப்பன் இழுபட்டதோ, அதிலிருந்து ஆட்டத்தின் அளவைக் கணக்கிட்டார். அவர் பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக நம் கடற்கரைக்கு வந்து, 1751-இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். இதைச் சொன்ன பிறகு வகுப்பில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்க்கிறார்கள்.

சரியான வழியில், நோட்டில் நடுவே ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு மேலே மோதல், கீழே ஊசலாட்டம். இரண்டும் வேறு வேறு நிகழ்ச்சிகள். ஒன்றில் செல்லும் விதி மற்றொன்றில் செல்லாது.

கீழேயிருந்து தொடங்குவோம். தோட்டா புதைந்து முடிந்தபின் கட்டை மேலே ஏறும்போது உராய்வு பெரிதாக இல்லை. அதனால் இங்கே ஆற்றலை நம்பலாம். 20 செ.மீ. ஏற வேண்டுமானால் கட்டை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கிளம்பியிருக்க வேண்டும். இனி கோட்டுக்கு மேலே. அங்கே உந்தத்தை, அதாவது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிய அளவை எடுக்க வேண்டும். மோதலுக்குப்பின் 2 கிலோ, விநாடிக்கு 2 மீட்டர்: உந்தம் 4. மோதலுக்கு முன் கட்டை சும்மா தொங்கியது. எனவே அந்த 4 முழுவதும் 0.01 கிலோ தோட்டாவுடையது. வேகம் விநாடிக்கு 400 மீட்டர். இது தோட்டாவுக்குப் பொருந்துகிற வேகம்.

மோதலில் உந்தத்தை நம்பலாம் என்பதற்கு என்ன ஆதாரம்? தோட்டா மரத்துக்குள் 8 செ.மீ. துளைத்ததாக வைத்துக்கொள்வோம். 400-லிருந்து 2-க்கு இறங்கும் வேகத்தின் சராசரி சுமார் 200. அப்படியானால் துளைத்து நிற்க ஆன நேரம் விநாடியில் பத்தாயிரத்தில் நான்கு பங்கு. அதற்குள் கட்டை நகர்ந்தது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கயிறு இன்னும் செங்குத்தாகவே நிற்பதால் பக்கவாட்டில் அது இழுக்கவில்லை. வெளியிலிருந்து யாரும் தள்ளாதபோது மொத்த உந்தம் மாறாது. ஆனால் கட்டை ஏறத் தொடங்கியதும் கயிறு சாய்ந்து இழுக்கிறது. உச்சியில் உந்தம் சுழி. ஏறும்போதும் உந்தம் மாறாது என்று எழுதினால் அது இன்னொரு பிழை.

இப்போது சரிபார்ப்பு. பல பிள்ளைகள் போட்ட சமன்பாட்டையே திருப்பிப் போட்டு ‘சரிபார்க்கப்பட்டது’ என்று டிக் அடிக்கிறார்கள். அது கூட்டல் பிழையை மட்டும்தான் காட்டும். நான் கேட்பது வேறு. இரண்டு பொருள்களும் வாங்கிய கணத்தாக்கைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். கணத்தாக்கு என்பது ஒரு பொருளின் உந்தத்தில் வந்த மாற்றம். கட்டைக்கு 1.99 பெருக்கல் 2, அதாவது 3.98 நியூட்டன் விநாடி. தோட்டாவுக்கு 0.01 பெருக்கல் (2 கழித்தல் 400), அதாவது −3.98. கூட்டினால் சுழி. 28.3 விடையை இதில் போட்டால் கட்டைக்கு 3.98, தோட்டாவுக்கு −0.263. தோட்டா கொடுத்ததைவிடப் பதினைந்து மடங்கு கட்டைக்கு வந்திருக்கிறது. பிழை உடனே தெரிந்துவிடும். கூடவே, 3.98-ஐ மோதல் நேரத்தால் வகுத்தால் சராசரி விசை கிட்டத்தட்ட 10,000 நியூட்டன். ஒரு டன் சுமையின் எடை அந்த நுனியில் அழுத்துகிறது.

அடுத்து ஆற்றல். தோட்டா கொண்டுவந்தது 800 ஜூல். மோதலுக்குப்பின் மிஞ்சியது 4. மீதி 796 ஜூல் மரத்தைக் கிழிப்பதிலும், ஈயத்தை நசுக்குவதிலும், சூட்டிலும் போய்விட்டது. ஒட்டிக்கொள்ளும் மோதலில் மிஞ்சும் பங்கு, மோதிய பொருளின் நிறைக்கும் மொத்த நிறைக்கும் உள்ள விகிதம். 0.01-ஐ 2-ஆல் வகுத்தால் இருநூறில் ஒன்று. 4-ஐ 800-ஆல் வகுத்தாலும் அதே.

உந்தம் சரியாக வந்தாலே போதும் என்று நானும் ஒருமுறை இருந்துவிட்டேன். வீட்டுப்பாடத்துக்கு நானே ஒரு கணக்கு எழுதினேன்: 1 கிலோ வண்டி விநாடிக்கு 3 மீட்டரில் போய், நிற்கிற 2 கிலோ வண்டியில் மோதி, 2 மீட்டர் வேகத்தில் திரும்பி வருகிறது, இரண்டாவது வண்டியின் வேகம் என்ன? திரும்பி வருவதால் அதன் உந்தம் −2. ஆகவே மற்றது 2.5 மீட்டர். உந்தம் சரியாகவே வந்தது. மறுநாள் ஒரு மாணவி நோட்டை நீட்டினாள். “சார், முன்னாடி நாலரை ஜூல்தான் இருக்கு. மோதினதுக்கு அப்புறம் எட்டேகால் வருது. நடுவுல ஸ்பிரிங் ஏதும் இருக்கா சார்?” ஸ்பிரிங் இல்லை. அப்படி ஒரு மோதல் நடக்கவே முடியாது. திரும்பும் வேகம் 1 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 1 என்றால் மற்றது 2 மீட்டரில் போகும், ஆற்றல் நாலரையாகவே நிற்கும். கணக்கைத் திருத்தி மறுபடி கொடுத்தேன்.

ராபின்ஸின் ஊசலிலும் கவனிக்க ஒன்று உண்டு. அது கயிற்றில் தொங்கவில்லை. மரம் பொருத்திய கனமான இரும்பு ஊசல், அச்சில் ஆடியது. குண்டு எந்த இடத்தில் பட்டது என்பதைப் பொறுத்து, மோதும் நொடியிலேயே அச்சும் ஊசலைத் தள்ளக்கூடும். அங்கே நேர்க்கோட்டு உந்தம் மாறாமல் நிற்காது. அச்சைச் சுற்றிய கோண உந்தத்தை எடுக்க வேண்டும். 1742 நூலில் அவர் தந்த சூத்திரத்திலேயே ஒரு பிழை இருந்தது. பின்னர் அவரே அதைத் திருத்தி வெளியிட்டார்.