‘சூப்பர்மா, பின்னிட்டே!’ கடிதமாக மாறியபோது

“சார், புது கம்பெனியில ரெஃபரன்ஸ் லெட்டர் கேக்கறாங்க. வாட்ஸ்அப்ல என்னைப் பத்தி நீங்க சொன்னதையே எழுதிக் குடுத்தாப் போதுங்க.”

கோவையில் ஓர் உதிரிபாக மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பிரிவை நான் கவனித்துவந்தபோது, மூன்று ஆண்டுகள் எனக்குக் கீழே வேலை பார்த்தவர் கேட்டது இது. இப்போது நாங்கள் இருவருமே அங்கே இல்லை. பழைய அரட்டையை மேலே தள்ளித் தேடியதில் மூன்று வரிகள் கிடைத்தன.

‘சூப்பர்மா, பின்னிட்டே!’

‘நீ பார்த்துட்டா நான் மறுபடி பார்க்க வேண்டியதில்ல.’

‘20ஆம் தேதிக்குள்ள பணத்தைக் காப்பாத்திக் குடுத்துட்டே.’

இவற்றை வைத்துக்கொண்டு, ‘திறமைசாலி, கடின உழைப்பாளி, பொறுப்பானவர்’ என்று முதலில் எழுதினேன். அவர் பெயரை விரலால் மறைத்துவிட்டு, அதே அறையில் இருந்த இன்னொருவரின் பெயரை அங்கே வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அழித்துவிட்டேன்.

அரட்டையில் பாராட்டு ஒரே வரியில் முடிவதற்குக் காரணம், அன்று நடந்தது இருவருக்கும் தெரியும் என்பதுதான். கடிதத்தைப் படிக்கிறவருக்கு அது தெரியாது. அந்த வரியை அலங்காரமான நடைக்கு மாற்றி ஒரு பயனும் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கும் நாளைத் தோண்டி எடுக்க வேண்டும்.

மூன்றாவது வரியை எடுத்துக்கொண்டேன். நமக்குச் சரக்கு தருகிறவர்கள் தங்கள் விற்பனைக் கணக்கை 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுவார்கள். 14ஆம் தேதி நமக்கு ‘2பி’ என்ற பட்டியல் வரும். அதில் இருக்கும் பில்களுக்கு மட்டுமே, ஏற்கெனவே கொடுத்த வரியை நாம் கழித்துக்கொள்ள முடியும். மாதாமாதம் கணக்கு கொடுப்பவர்களுக்கு 20ஆம் தேதி கடைசி நாள். ஒருமுறை பெரிய பில் ஒன்று பட்டியலில் இல்லை. “ஏத்திட்டோமே” என்று சரக்கு கொடுத்தவர் சாதித்தார். இந்தப் பெண் அவரிடம், ஏற்றிய விவரத்தின் நகலைக் கேட்டு வாங்கினார். எங்கள் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், அது தமிழ்நாட்டுக் குறியீடு. நகலில் 32 என்று இருந்தது. பாலக்காட்டில் இருந்த எங்கள் கிளையின் எண் அது!

எழுதுவதற்கு முன் அவரையே போனில் அழைத்துச் சரிபார்த்தேன். நல்லவேளை.

“சார், அந்த மாசம் நாம கிரெடிட் எடுக்கலீங்க. அவங்க திருத்தி, அடுத்த மாசம்தான் வந்துச்சு. எடுக்க வேண்டாம்னு சொன்னதுதான் நான் செஞ்சது.”

‘பணத்தைக் காப்பாற்றினார்’ என்று நான் எழுதியிருந்தால் அது பிழை. நடந்தது அதைவிட மதிப்புள்ளது. தவறான கழிவைக் கோரி, பின்னால் வட்டியும் நோட்டீசும் வரும் நிலையை அவர் தவிர்த்திருந்தார்.

இரண்டாவது வரியும் முழு உண்மை இல்லை. முதல் ஆண்டில் அவர் வேலையை வரிக்கு வரி பார்த்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டிலிருந்துதான் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தேன். ‘பின்னிட்டே’ என்று எதற்குச் சொன்னேன் என்பது எங்கள் இருவருக்குமே நினைவில்லை. அதை விட்டுவிட்டேன்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமைந்தது:

“இவர் மூன்று ஆண்டுகள் என் நேரடி மேற்பார்வையில் கொள்முதல் பில்களைச் சரிபார்த்தார். முதல் ஆண்டில் இவர் முடித்த கணக்கை முழுதாகப் பார்ப்பேன். அதன்பின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டேன். ஒருமுறை பட்டியலில் விடுபட்ட பில், வேறு மாநிலக் கிளையின் எண்ணில் ஏற்றப்பட்டிருந்ததை இவரே கண்டுபிடித்தார். அந்த மாதம் வரிக்கழிவு கோர வேண்டாம் என்று எடுத்துச் சொன்னார். திருத்தம் வந்த பிறகு அடுத்த மாதம் அது முறையாகக் கிடைத்தது.”

பெயரை மறைத்துப் பார்த்தேன். இந்த முறை வேறு யாருக்கும் பொருந்தவில்லை.

சரக்கு கொடுத்தவரின் பெயரையும் பில் தொகையையும் எழுதவில்லை. அவை பழைய நிறுவனத்தின் விவரங்கள். அதன் முகப்புத் தாளும் எனக்கு உரியதல்ல, வேலையை விட்டு வந்தவன் அதில் எழுதக்கூடாது. வெள்ளைத் தாளில் என் பெயர், அன்றைய பதவி, நாங்கள் சேர்ந்து வேலை செய்த மாதமும் ஆண்டும், என் கைபேசி எண் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டேன். எண்ணைக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. ஆனால் பேசிச் சரிபார்க்க வழியில்லாத கடிதத்துக்கு மதிப்பு பாதிதான்.

பத்து நாள் கழித்து அந்தப் புது நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். எத்தனை ஆண்டு பழக்கம் என்று கேட்டார்கள். அடுத்த கேள்வி, “அந்த 2பி விஷயத்தைக் கொஞ்சம் விவரமாச் சொல்றீங்களா சார்?”