இரவில் உறங்கட்டும் வைஃபை!

அரியலூரில் வசிக்கும் என் தங்கையின் மகள் பிளஸ் 2 படிக்கிறாள். இரவில் கைப்பேசியை வைத்துவிட்டு உறங்க வேண்டும், அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து இணையவழிப் பாடங்களைப் பார்க்க வேண்டும் என்பது வீட்டில் செய்துகொண்ட ஏற்பாடு. அதற்காக, வைஃபை இரவு பதினொரு மணிக்குத் தானாக அணைந்து, காலை ஐந்து மணிக்குத் தானாக இயங்குமாறு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டுப் பெரம்பலூர் திரும்பினேன்.

மூன்றாம் நாள் தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது. "அண்ணே, ராத்திரி முழுக்க வைஃபை ஓடுது. பிள்ளை படிக்க உட்கார்ந்தால் இல்லை. பத்தரை மணிக்குத்தான் திரும்ப வருது" என்றார். எந்த நேரத்தில் அணைகிறது என்று மறுநாள் கவனிக்கச் சொன்னேன். அதிகாலை நான்கரை மணிக்கு அணைந்தது. காலை பத்தரைக்கு இயங்கத் தொடங்கியது.

இந்த இரு நேரங்களே பிழை எது என்பதைச் சொல்லிவிட்டன. பதினொரு மணியுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் அதிகாலை நான்கரை. ஐந்து மணியுடன் ஐந்தரையைக் கூட்டினால் பத்தரை. கிரீன்விச் நேரத்தைவிட இந்திய நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நான் குறித்த நேரம் சரிதான்; ஆனால், அந்தப் பெட்டியின் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடவில்லை, கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நாம் மோடம் என்று அழைக்கும் வைஃபை பெட்டிகளில் பெரும்பாலானவற்றில், மின்சாரம் இல்லாதபோதும் ஓடக்கூடிய கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் அது ஏதோ ஒரு பழைய தேதியிலிருந்து தொடங்கும். இணைய இணைப்பு கிடைத்ததும் நேரம் காட்டும் கணினி ஒன்றிடம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அங்கிருந்து கிடைப்பது உலகப் பொது நேரம். அதை இந்திய நேரமாக மாற்றிக்கொள்ள, எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை நாம் அதற்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் அதைச் சொல்ல மறந்திருந்தேன்.

எனவே, நேரம் குறிக்க விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது கடிகாரத்தைச் சரிபார்ப்பதுதான். பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் 192.168.1.1 போன்றதொரு முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். வைஃபையுடன் இணைந்த கைப்பேசியில் அந்த முகவரியைத் தட்டினால் அமைப்புகள் திறக்கும். அதில் Time Zone என்ற இடத்தில் GMT+05:30 என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். திரையில் தெரியும் நேரமும் சுவர்க் கடிகாரமும் ஒத்திருந்தால்தான் அடுத்த படிக்குச் செல்லலாம்.

அடுத்தது, Wireless Schedule அல்லது WLAN Timer என்ற பெயரில் இருக்கும் பகுதி. இங்கு இரண்டு இடங்களில் தவறு நேரும். சில பெட்டிகள் நள்ளிரவைத் தாண்டும் நேரத்தை ஒரே வரியில் ஏற்பதில்லை. அவற்றில் 23:00 முதல் 23:59 வரை ஒரு வரியும், 00:00 முதல் 05:00 வரை இன்னொரு வரியுமாக எழுத வேண்டும். இன்னொன்று, பல பெட்டிகளில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் உள்ளன. ஒன்றுக்கு மட்டும் நேரம் குறித்தால், மற்றொன்று இரவு முழுவதும் விழித்திருக்கும். இரவில் கைப்பேசியின் வைஃபை பட்டியலைத் திறந்து, நம் வீட்டின் பெயர் அதில் தெரியவில்லை என்று உறுதி செய்துகொள்வதே நம்பகமான சோதனை.

சரி, இதனால் என்ன பயன்? மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். அலைபரப்பியை மட்டும் அணைத்தால் இரண்டு வாட் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவுக்கு ஆறு மணி நேரம், மின்கணக்கெடுப்புக்கான இரண்டு மாதங்களில் 360 மணி நேரம். மொத்தச் சேமிப்பு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. பத்து வாட் இழுக்கும் பெட்டியை முழுவதுமாக அணைத்தாலும் மூன்றரை யூனிட்டுக்குச் சற்றே அதிகம். மின்கட்டணம் குறையும் என்பதற்காக இதைச் செய்வோர் ஏமாற்றமே அடைவர்.

பெட்டியை முழுவதுமாக அணைக்கச் சிலர் முள் சுழலும் டைமர் சாக்கெட்டை மாட்டுகின்றனர். மின்தடையின்போது அந்த முள்ளும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் ஏழு மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டால், அன்றிரவு பதினொரு மணிக்கு அணைய வேண்டியது மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் அணையும்.

பாதுகாப்பைப் பொருத்தவரை பயன் உண்டு. ஆனால், எல்லையும் உண்டு. அலைபரப்பி அணைந்திருக்கும்போது, தெருவில் நின்றோ பக்கத்து மாடியிலிருந்தோ எவரும் நம் கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயல முடியாது. ஆனால், கம்பி வழியிலான இணைப்பு விழித்தேதான் இருக்கிறது. இணையத்தின் வழியே பெட்டியைத் தாக்க முயல்வோருக்கு இந்த அணைப்பு ஒரு தடையே அல்ல. பெட்டியுடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவதே அதற்கான தடுப்பு.

வைஃபை அலைகளே உறக்கத்தைக் கெடுப்பதாகப் பலர் அஞ்சுகின்றனர். கம்பியில்லா இணைப்புகளின் வலுக்குறைந்த அலைகளால் உடல்நலம் கெடும் என்பதற்கு நம்பத்தகுந்த அறிவியல் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2006-இல் தெரிவித்தது. அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளைப் 'புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' என்ற பிரிவில் சேர்த்தது. சான்றுகள் குறைவு, எனினும் ஒதுக்கிவிட முடியாது என்பதே அந்தப் பிரிவின் பொருள். உறக்கத்தைத் திருடுவது அலை அல்ல, அந்த அலையில் வந்துகொண்டே இருக்கும் காணொலிதான். அதனால், கைப்பேசியில் செல்பேசி நிறுவனத்தின் டேட்டா திறந்திருந்தால் வைஃபையை அணைத்தும் பயனில்லை. என் மருமகள் பதினொரு மணிக்கு டேட்டாவையும் அணைத்துவிட்டு, கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட ஒப்புக்கொண்டாள். அந்த ஒப்பந்தமே இதன் உயிர்நாடி.

அணைக்கும் முன் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். வைஃபையை நம்பி இயங்கும் கண்காணிப்பு கேமரா இரவில் குருடாகிவிடும். அதைவிட முக்கியமானது, செல்பேசி அலை சரியாக எட்டாத வீடுகளில் அழைப்புகள் வைஃபை வழியாகவே வந்து போகின்றன. அத்தகைய வீட்டில் முதியவர் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால், 108-ஐ அழைக்கக்கூட முடியாமல் போகலாம். எனவே, வைஃபையை அணைத்துவிட்டு, படுக்கும் இடத்திலிருந்தே உறவினர் ஒருவரை அழைத்துப் பார்க்க வேண்டும். அழைப்பு போகாவிட்டால் அந்த வீட்டுக்கு இந்த ஏற்பாடு ஆகாது. பெட்டியுடன் கம்பியால் இணைந்த தரைவழித் தொலைபேசி இருந்தால், அலைபரப்பி மட்டும் அணையும்போது அது வழக்கம்போல இயங்கும். வயலில் சிம் அட்டையுடன் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் இதனால் பாதிப்பில்லை.

தங்கையின் கணவர் சிமென்ட் ஆலையில் பணிபுரிகிறார். இரண்டாம் ஷிப்ட் முடிந்து அவர் வீடு திரும்பப் பத்தரை மணியாகிவிடும். அதனால்தான் பத்து மணி வேண்டாம், பதினொரு மணி என்று வைத்தோம். தங்கையின் கைப்பேசிக்குப் படுக்கையறையில் வைஃபை இல்லாமலேயே அழைப்பு கிடைக்கிறது என்பதையும் சோதித்துவிட்டோம். இப்போது அந்த வீட்டில் மின்தடை வந்து போகும் நாள்களில் மட்டும், இரவு படுக்கும் முன் பெட்டியின் நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுகிறார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு வைஃபையும் விழிக்கிறது, பிள்ளையும் விழிக்கிறாள்.