டர்னர் சிண்ட்ரோம்: தாய்மைக்கு முன் ஓர் இதயப் பரிசோதனை

டர்னர் சிண்ட்ரோம் உள்ள பெண்ணுக்குத் திருமணப் பேச்சு தொடங்கும்போது குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "குழந்தை பிறக்குமா?" என்பதே. தானமாகப் பெறும் கருமுட்டையால் இன்று பலர் கருத்தரிக்க முடியும். ஆனால் கருத்தரிக்க முடிகிறதா என்பதும், அந்தக் கருவைப் பத்து மாதம் பாதுகாப்பாகச் சுமக்க முடிகிறதா என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்குக் கருப்பை விடை சொல்கிறது. இரண்டாவது கேள்விக்கு இதயமும் அதிலிருந்து புறப்படும் பெருந்தமனியும் விடை சொல்கின்றன.

பெண்ணின் உயிரணுக்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாதிருப்பதே டர்னர் சிண்ட்ரோம். பிறக்கும் பெண் குழந்தைகளில் ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பேரில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. பெற்றோர் செய்த எதுவும் இதற்குக் காரணமன்று. இக்குறைபாட்டால் சினைப்பையில் உள்ள முட்டைகள் மிக விரைவாக அழிந்துபோகின்றன. பெரும்பாலோருக்குப் பூப்பெய்தும் வயதுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. சில உயிரணுக்களில் மட்டும் குறைபாடு உள்ள 'மொசைக்' வகையினருள் சிலருக்கு மாதவிடாய் தானாகவே வருவதுண்டு. அத்தகைய சிறுமியரின் சினைப்பைத் திறனை ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனையால் அறிந்து, பொருத்தமானவர்களுக்கு முட்டைகளை உறையவைத்துச் சேமிப்பது பற்றி முன்கூட்டியே பேசலாம். தாமதித்தால் அந்த வாய்ப்பு கைநழுவும்.

முட்டைகள் இல்லாதபோதும் கருப்பை பொதுவாக இயல்பாகவே அமைந்திருக்கும். அது வளர்வதற்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மட்டும் உடலில் சுரப்பதில்லை. ஆகவேதான் 11 அல்லது 12 வயது முதல் அதைச் சிறிய அளவில் தொடங்கி, பின்னர் புரோஜெஸ்டிரோனையும் சேர்த்துக் கொடுக்கிறோம். "மாதவிடாய்தான் வந்துவிட்டதே" என்று இம்மருந்துகளை இடையில் நிறுத்திவிடுவது சரியன்று. கருப்பையின் வளர்ச்சியும் எலும்பின் வலிமையும் அவற்றையே சார்ந்துள்ளன. கருமுட்டை தானத்தில், பதிவுபெற்ற ஏ.ஆர்.டி. வங்கியின் வழியே கிடைக்கும் முட்டையைக் கணவரின் விந்தணுவுடன் ஆய்வகத்தில் இணைத்து, ஹார்மோன்களால் பக்குவப்படுத்திய கருப்பைக்குள் கருவை வைப்பார்கள். இந்தியச் சட்டப்படி முட்டை தானம் செய்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே தானம் செய்யலாம்.

இனி இதயத்துக்கு வருவோம். டர்னர் சிண்ட்ரோமில் பெருந்தமனியின் சுவர் பலவீனமாக இருக்கக்கூடும். மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய பெருந்தமனி வால்வு சிலருக்கு இரண்டு இதழ்களோடு அமைந்திருக்கும். சிலருக்குத் தமனியின் ஒரு பகுதி குறுகியிருக்கும். இரத்த அழுத்தமும் பலருக்கு உயர்கிறது. கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. ஹார்மோன்களால் தமனிச் சுவரும் தளர்கிறது. இந்தச் சுமையைத் தாங்காமல் சுவரின் உள்ளடுக்கு கிழிந்து, அக்கிழிசலுக்குள் இரத்தம் புகுவதையே பெருந்தமனிக் கிழிவு என்கிறோம். இது உயிருக்கே ஆபத்தானது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இந்த ஆபத்து மிகுதி.

இந்த ஆபத்தை அளப்பதில் ஒரு நுட்பம் உண்டு. டர்னர் சிண்ட்ரோம் உள்ள பெண்கள் உயரம் குறைந்தவர்கள். ஆகவே தமனியின் அகலத்தை மட்டும் பார்க்காமல், அதை உடலின் மேற்பரப்பால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 27 வயதுப் பெண் ஒருவர். உயரம் 142 செ.மீ., எடை 48 கிலோ. எக்கோ பரிசோதனையில் பெருந்தமனியின் அகலம் 3.2 செ.மீ. என்று வருகிறது. வளர்ந்தோருக்கு இது பொதுவாக இயல்பான அளவு. அறிக்கையிலும் 'இயல்பு' என்றே எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் இவருடைய உடல் மேற்பரப்பு ஏறத்தாழ 1.38 சதுர மீட்டர்தான். 3.2ஐ 1.38ஆல் வகுத்தால் 2.3 கிடைக்கிறது. அதே 3.2 செ.மீ., 165 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு 1.9 என்றே வரும்.

2016ஆம் ஆண்டு சின்சினாட்டியில் கூடிய பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த நெறிமுறை, இந்த எண் 2.5ஐத் தாண்டினால் கர்ப்பத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. 2.0க்கும் 2.5க்கும் இடையில் இருந்து, இரண்டிதழ் வால்வு, தமனிக் குறுக்கம், உயர் இரத்த அழுத்தம் போன்ற ஒன்று உடனிருந்தாலும் தவிர்க்கவே அறிவுறுத்துகிறது. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது இரண்டிதழ் வால்வும் தெரியவந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியாயின் அவரிடம், "கரு தங்கும், ஆனால் அதை நீங்கள் சுமப்பது உங்கள் உயிருக்குத் தகாது" என்றே நாங்கள் சொல்ல வேண்டியிருக்கும். வால்வு இயல்பாகவும், இரத்த அழுத்தம் சீராகவும், தமனி 2.6 செ.மீ. அளவிலும் இருந்திருந்தால், எண் 1.9 ஆகும், கண்காணிப்புடன் கர்ப்பத்துக்குச் செல்லலாம் என்போம்.

ஆகவே கருமுட்டைக்குப் பதிவு செய்வதற்கு முன்பே எக்கோவும், இதயத்துக்கும் பெருந்தமனிக்குமான எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும். இப்படங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்டவையாக இருத்தல் கூடாது. சிறுவயதில் எடுத்த எக்கோவை நம்பியிருக்க வேண்டாம். தமனி வயதோடு விரிவடையக்கூடும்.

அனுமதி கிடைத்தவர்களுக்கு ஒரே ஒரு கருவை மட்டுமே வைக்க வேண்டும். இரட்டைக் கர்ப்பம் இதயத்தின் சுமையை மேலும் கூட்டும். இரத்த அழுத்தம் 135/85க்குள் இருக்க வேண்டும். ஆபத்துக் காரணி எதுவும் இல்லாதவருக்கு ஏறத்தாழ 20ஆம் வாரத்தில் ஒருமுறையேனும் எக்கோ வேண்டும். தமனி எண் 2.0க்கு மேல் உள்ளவருக்கோ வேறு காரணி உள்ளவருக்கோ 4 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை வேண்டும். பிரசவத்துக்குப் பின்னும் ஆறு மாதங்கள் இக்கண்காணிப்பு தொடர வேண்டும்.

வீட்டார் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். மார்பிலோ தோள்பட்டைகளுக்கு நடுவில் முதுகிலோ திடீரெனக் கிழிப்பது போன்ற கடும் வலி வந்தாலோ, மயக்கம் ஏற்பட்டாலோ, அதை வாயுத் தொல்லை என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, "இவருக்கு டர்னர் சிண்ட்ரோம் உள்ளது, பெருந்தமனியைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஈ.சி.ஜி. இயல்பாக இருப்பதால் மட்டும் இந்நோய் இல்லையென்று ஆகிவிடாது.

கர்ப்பம் கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கும் வழிகள் உண்டு. வாடகைத் தாய் முறையில், 2024ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி, மாவட்ட மருத்துவக் குழு சான்றளித்தால் தானமாகப் பெற்ற கருமுட்டையைப் பயன்படுத்தலாம். விந்தணு கணவருடையதாக இருத்தல் வேண்டும். சட்டப்படி குழந்தையைத் தத்தெடுக்கும் வழியும் திறந்தே இருக்கிறது. எவ்வழியைத் தேர்ந்தாலும், முதலில் சென்று அமர வேண்டிய இடம் இதய மருத்துவரின் அறையே. அடுத்த முறை வரும்போது பழைய எக்கோ அறிக்கைகளையும், சரியாக அளந்த உயரத்தையும் எடையையும் உடன் கொண்டுவாருங்கள். அந்தக் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.