அண்ணாச்சி கடை வெங்காயக் கணக்கு

சென்னைப் புறநகரில் நடுத்தரமான ஒரு மளிகைக்கடையைக் கற்பனை செய்துகொள்வோம். அந்தக் கடையில் அதிகம் போவது பெரிய வெங்காயம்தான். திங்கட்கிழமை கோயம்பேட்டிலிருந்து நாலு மூட்டை வந்தால் ஞாயிறு ராத்திரிக்குள் காலி. கிலோ 28 ரூபாய்க்கு வாங்கி 32 ரூபாய்க்கு விற்பதால் கிலோவுக்கு நாலு ரூபாய், 50 கிலோ மூட்டைக்கு 200 ரூபாய், வாரத்துக்கு 800 ரூபாய் லாபம். அண்ணாச்சி பல வருடமாக மனதில் வைத்திருந்த கணக்கு இதுதான்.

ஐப்பசி மழையில்தான் சந்தேகம் வந்தது. வெங்காயம் எப்போதும்போல ஓடியும், மொத்த வியாபாரிக்குப் பணம் கட்டும் நாளில் கல்லாவில் துண்டு விழுந்தது.

"ஏங்க, தினமும் எவ்வளவு அழுகல் கூட்டித் தள்றேன்னு தெரியுமா? ஒரு மூட்டைக்கு மட்டும் எல்லாத்தையும் எடை போட்டுப் பார்ப்போமே" என்றார் அவர் மனைவி. கடையைக் கூட்டுவது அவர்தான் என்பதால், அண்ணாச்சி பார்க்காததையெல்லாம் பார்த்திருந்தார்.

ஒரு மூட்டையைத் தனியாக வைத்து, அது தீரும்வரை கழிந்ததையெல்லாம் ஒரு வாளியில் சேர்த்தார்கள். சாக்கும் ஒட்டியிருந்த மண்ணும் 600 கிராம். உதிர்ந்த சருகு, காய்ந்து குறைந்த எடை இரண்டும் சேர்ந்து 900 கிராம். அழுகியதும் முளைத்ததும் 1 கிலோ 800. மிச்சம் இருந்த 700 கிராம் வாளியில் இல்லை, வாடிக்கையாளர் பைகளில் போயிருந்தது. தராசு சரியாக ஒரு கிலோ காட்டினாலும் இன்னொரு சின்ன வெங்காயத்தைத் தூக்கிப் போடுவது அண்ணாச்சியின் பழக்கம். ஒவ்வொரு கிலோவுக்கும் சராசரியாக 15 கிராம் அப்படி ஓசியில் போனது.

ஆக 50 கிலோவில் காசாக மாறியது 46 கிலோதான். 28 ரூபாய் என்று நினைத்திருந்த கொள்முதல் விலை, விற்கக்கூடிய வெங்காயத்துக்கு 30 ரூபாய் 43 காசு ஆகிறது. நாலு ரூபாய் லாபத்தில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே போய்விட்டது.

46 கிலோ விற்ற பணம் 1,472 ரூபாய். வாங்கிய விலை 1,400. மீதி 72 ரூபாயிலிருந்து மினி லாரி வாடகைப் பங்கு 40, இறக்குக்கூலி 15, கொடுக்கும் பைகளுக்கு 21 என்று 76 ரூபாய் கழிந்தது. மூட்டைக்கு நாலு ரூபாய் நஷ்டம். வெங்காயத்தைக் கொட்டிப் பொறுக்கக் கடைப்பையன் செலவிடும் முக்கால் மணி நேரத்துக்கு 45 ரூபாய் போட்டால் நஷ்டம் 49.

அண்ணாச்சி இந்த இடத்தில் மறுத்தார். "பையனுக்கு எப்படியும் சம்பளம் கொடுக்கிறோம், அதை ஏன் வெங்காயத் தலையில கட்டறே?" நியாயமான கேள்விதான். அந்த முக்கால் மணி நேரம் அவன் சும்மா உட்கார்ந்திருப்பான் என்றால் 45 ரூபாயைச் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் அதே நேரத்தில் பருப்புப் பொட்டலம் கட்ட ஆளில்லாமல் வாடிக்கையாளர் திரும்பிப் போகிறார் என்றால், அது வெங்காயத்தின் செலவேதான். ராபர்ட் கப்லன், ராபின் கூப்பர் என்ற ஹார்வர்டு பேராசிரியர்கள் 1980களில் பெரிய ஆலைகளுக்காகப் பிரபலப்படுத்திய கணக்கு முறையும் இதையேதான் கேட்கிறது: எந்தப் பொருள் எவ்வளவு வேலை வாங்குகிறது?

அண்ணாச்சிக்கு இன்னொரு வாதமும் இருந்தது. வெங்காயம் வாங்க வருகிறவர் எண்ணெயும் பருப்பும் வாங்குவார், அதில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது. பல கடைகளில் இது உண்மை. ஆனால் சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு வாரத்து பில்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அவர் பார்த்தபோது, வெங்காயம் வாங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேறெதையும் தொடவில்லை.

இந்தக் கழிவு ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் சித்திரை வாக்கில் அறுவடையாகும் ரபி வெங்காயம் மாதக்கணக்கில் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வரும் கரீஃப் வெங்காயத்தில் ஈரம் அதிகம், சீக்கிரம் அழுகும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். கோடையில் ஓரளவு மிஞ்சிய அதே நாலு ரூபாய், மழைக்காலத்தில் போதாமல் போனது இதனால்தான்.

வெங்காயத்தை நிறுத்த அவருக்கு மனமில்லை. மழை முடியும்வரை விலையை 34 ஆக்கினார். நாலு மூட்டையை ஒரே தடவையில் இறக்காமல், திங்களும் வியாழனும் பிரித்து எடுத்தார். வாடகை மூட்டைக்கு 20 ரூபாய் கூடியது, அழுகலோ ஒரு கிலோ குறைந்தது. 47 கிலோவுக்கு 1,598 ரூபாய் வந்தது. பையன் கூலி உட்பட எல்லாம் போக 57 ரூபாய் நின்றது. இரண்டு ரூபாய் ஏறியதில் சிலர் அடுத்த தெருக் கடைக்குப் போக, விற்பனை வாரத்துக்கு மூன்று மூட்டையாகச் சுருங்கியது. முன்பு நாலு மூட்டைக்கு 196 ரூபாய் கையிலிருந்து போட்டவருக்கு, இப்போது மூன்று மூட்டைக்கு 171 ரூபாய் மிச்சம். கூடுதல் வெங்காயத்தைத் தூக்கிப் போடும் பழக்கத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. அந்த 700 கிராமை விலைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்.